அனர்த்த ஒத்திகை மெமோ: யார் யாருக்குச் சொல்வது, எந்த எண்ணிக்கையைச் சொல்வது?

திட்டப்பிரிவு_மலர் · காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பு மாவட்டத்து ஆதார வைத்தியசாலை ஒன்றுக்கு அடுத்த மாதம் அனர்த்த ஒத்திகை. இரண்டு பஸ்கள் மோதியதாகக் கற்பனை. காயக்காரராக நடிக்க 40 பேர், காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை. பிரிவுகளுக்கு அனுப்பும் மெமோவை நான் எழுத வேண்டும். வரைவின் சாரம் இது:

1. ஒத்திகையின் தலைவர் பணிப்பாளர். அவர் இல்லாவிட்டால் பிரதிப் பணிப்பாளர்.
2. வாசலில் காயக்காரரை வகைப்படுத்துபவர் டொக்டர் (இங்கே ஒருவருடைய பெயர் இருக்கிறது).
3. எல்லாப் பிரிவுத் தலைவர்களும் நிலவரத்தை உடனுக்குடன் பணிப்பாளருக்குத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும்.
4. மற்றத் தகவல்கள் எல்லாம் ஒத்திகை வட்ஸ்அப் குழுவில்.
5. ஒவ்வொரு பிரிவும் தான் பொறுப்பேற்ற நோயாளிகளின் தொகையை ஒத்திகை முடிந்ததும் எழுத்தில் தர வேண்டும்.

இதை இப்படியே அனுப்பலாமா?

மருதானை_டொக்டர் · காலை 8.25

அனுப்ப வேண்டாம் மலர். ஐந்து வரியிலும் வரிக்கொரு ஓட்டை இருக்கிறது. மெமோ கிடைத்த எல்லோரும் சரியாக நடந்தாலும் ஒத்திகை குழம்பும்.

இரண்டாவது வரியில் ஆளின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அந்த டொக்டர் அன்று லீவு என்றால் வாசல் வெறுமை. பெயருக்குப் பதில் கடமையை எழுதுங்கள்: "அந்த நேரம் விபத்துப் பிரிவில் கடமையில் இருக்கும் மூத்த வைத்திய அதிகாரி." முதல் வரிக்கும் இதே குறை. உண்மையில் இரவு 2 மணிக்கு பஸ் மோதினால் பணிப்பாளர் வந்து சேரும்வரை யார் தலைவர்? கட்டடத்துக்குள் இருக்கும் ஒருவரையே மெமோ சுட்ட வேண்டும். பணிப்பாளர் வந்ததும் அவரிடம் வாய்மொழியாகக் கையளித்து, நேரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அரை மணி நேரத்துக்கு இரண்டு தலைவர்கள் இருப்பார்கள், இருவரும் தியேட்டருக்கு வெவ்வேறு கட்டளை கொடுப்பார்கள்.

வாசலில் நிற்பவருக்கு இன்னொரு வரியும் வேண்டும்: அவர் வைத்தியம் பார்க்கக் கூடாது. சுவாசப் பாதையைத் திறப்பது, பீறிடும் இரத்தத்தை அழுத்திக் கட்டுவது, இந்த இரண்டும் தவிர வேறு எதுவும் இல்லை. ஓர் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவும் கூடாது. நல்ல டொக்டரின் கை தானாக கனியூலாவைத் தேடும். அவர் ஒருவரிடம் குனிந்துவிட்டால் பின்னால் எட்டு பேர், அவசரத்தைப் பொறுத்துக் கட்டும் நிறப் பட்டி இல்லாமல் காத்திருப்பார்கள்.

மூன்றாவது வரிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பதினான்கு பிரிவுத் தலைவர்கள் ஒரே போனுக்கு "உடனுக்குடன்" எடுத்தால், பணிப்பாளர் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது பதின்மூன்று பேருக்கு அது பிஸி. பிரிவுகள் தலைவரோடு பேசக் கூடாது, கட்டுப்பாட்டு அறையோடுதான் பேச வேண்டும். அந்த அறைக்கு இரண்டு இன்டர்கொம் எண்கள்: ஒன்றில் உள்ளே வரும் தகவல் மட்டும், மற்றதில் வெளியே போகும் கட்டளை மட்டும். உள்வரும் போனை எடுப்பவர் எழுதுவார், முடிவெடுக்க மாட்டார்.

தெமட்டகொடை_நௌஷாட் · காலை 9.10

டொக்டர் சொல்வது சரி. ஆனால் வட்ஸ்அப்பைத் தள்ளிவிட வேண்டாம். ஒரே தடவையில் எல்லோருக்கும் போகிறது, பட்டியலைப் படம் பிடித்துப் போடலாம், யார் பார்த்தார்கள் என்பதும் தெரியும். போனில் காதால் கேட்டு எழுதினால் 15, 50 ஆகும். எண்ணிக்கையும் பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு வாட்டும் தனக்கு வந்த தொகையைக் குழுவில் போட்டால் கூட்டி எடுத்துக்கொள்ளலாம்.

மருதானை_டொக்டர் · காலை 9.55

நௌஷாட் தம்பி, பட்டியலைப் படமாக அனுப்புவது பற்றிச் சொன்னது பாதி சரி. எண்கள் எழுத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் 2019 ஏப்ரல் 21 அன்று குண்டுகள் வெடித்த அதே நாளில் பேஸ்புக்கோடு வட்ஸ்அப்பும் தடைபட்டது, சில நாட்கள் அப்படியே இருந்தது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும் தடை வந்தது. அதாவது இந்த நாட்டில் காயக்காரர்கள் மொத்தமாக வரக்கூடிய நாளும் வட்ஸ்அப் நிற்கக்கூடிய நாளும் ஒரே நாளாக இருக்கலாம். அதையே முதல் வழியாக எழுதினால், உண்மையில் வேலை செய்யாத வழியை ஒத்திகை பார்க்கிறோம்.

வழிகளை இந்த வரிசையில் எழுதுவேன்: முதலில் இன்டர்கொம், அது பிஸியானால் வாக்கிடோக்கி, அதுவும் இல்லையென்றால் கையில் துண்டோடு ஓர் ஆள். சுகாதார உதவியாளர் இருவரை வேறு எந்த வேலையும் கொடுக்காமல் இதற்கு மட்டும் விடுங்கள். துண்டு இரட்டைப் பிரதி: ஒன்று கட்டுப்பாட்டு அறையில் நிற்கும், மற்றது நேரம் எழுதிக் கையெழுத்தோடு திரும்பும். வாக்கிடோக்கியை முதல் நாள் தியேட்டர் கதவுக்குள்ளும் எக்ஸ்ரே அறைக்குள்ளும் நின்று பேசிப் பாருங்கள். தடித்த சுவரும் ஈயத் தகடும் உள்ள இடங்களில் சத்தம் அறுந்து வரும். அங்கே ஆள்தான் போக வேண்டும்.

"கூட்டி எடுத்துக்கொள்ளலாம்" என்றீர்களே, அதுதான் சறுக்கும் இடம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

9.30 மணி. வாசலில் 32 பேருக்கு நிறம் கட்டியாயிற்று: உடனே பார்க்க வேண்டியவருக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள், லேசான காயத்துக்குப் பச்சை, இறந்தவருக்குக் கறுப்பு. "வந்த தொகை" கேட்கிறோம். சிவப்புப் பகுதி 10, மஞ்சள் 11, பச்சை 10, கறுப்பு 1, தியேட்டர் 2, ஐசியூ 1 என்கின்றன. கூட்டினால் 35. மேலதிகமாக மூன்று பேர் எங்கிருந்து வந்தார்கள்? எங்கிருந்தும் வரவில்லை. சிவப்பில் இருந்து தியேட்டருக்குப் போன இருவரும் ஐசியூவுக்குப் போன ஒருவரும் இரண்டு இடத்தில் எண்ணப்பட்டிருக்கிறார்கள். இன்னும் மூன்று பேர் வருகிறார்கள் என்று நினைத்து கட்டுப்பாட்டு அறை ஆள் அனுப்பும்.

"இப்போது உங்கள் பகுதிக்குள் இருப்பவர் எத்தனை" என்று கேட்டால் சிவப்பு 7, மஞ்சள் 11, பச்சை 10, கறுப்பு 1, தியேட்டர் 2, ஐசியூ 1. கூட்டினால் 32. வாசல் கணக்கோடு ஒத்துப்போகிறது.

ரெக்கோட்ரூம்_ஜெயா · காலை 10.30

டொக்டர் சொன்ன கணக்கின் அடுத்த கட்டத்தையும் பாருங்கள், அங்கே வேறு வகையில் பிழைக்கும்.

9.45 மணிக்கு வாசல் 40 என்று முடிந்துவிட்டது. "இப்போது இருப்பவர்" சிவப்பு 6, மஞ்சள் 13, பச்சை 12, தியேட்டர் 3, ஐசியூ 2, கறுப்பு 2. கூட்டினால் 38. இரண்டு பேரைக் காணவில்லை. ஒருவரும் ஓடிப்போகவில்லை, எக்ஸ்ரே அறை வாசலில் தள்ளுவண்டியில் கிடக்கிறார்கள். சிவப்புப் பகுதி "அனுப்பிவிட்டோம்" என்று தன் பட்டியலில் அடித்துவிட்டது. எக்ஸ்ரே அறைக்கோ தகவல் அறிவிக்க வேண்டிய கடமையே மெமோவில் கொடுக்கப்படவில்லை. உண்மை நாளில் கவனிப்பாரில்லாமல் மோசமாவது அந்த நடைபாதையில் கிடப்பவர்தான்.

அதனால் மெமோவில் இப்படி ஒரு வரி: வாங்கும் பிரிவு கையெழுத்து வைக்கும்வரை நோயாளி அனுப்பும் பிரிவின் கணக்கிலேயே இருப்பார். எக்ஸ்ரே, ஸ்கேன் அறைகள் தனியாகக் கணக்குக் கொடுக்க வேண்டாம். அங்கே போனவர் எந்தப் பகுதியின் ஆளோ அந்தப் பகுதியே எண்ண வேண்டும்.

அடுத்தது இலக்கம். பெயரால் ஆளைத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே பெயரைச் சிங்களத்தில் எழுதுபவர் ஒருவிதம், தமிழில் எழுதுபவர் ஒருவிதம், ஆங்கிலத்தில் எழுதுபவர் மூன்றாவது விதம். முகம்மது என்ற ஒரு பெயரே நாலைந்து எழுத்துக்கூட்டலில் நிற்கும், ஒருவர் இருவர் ஆவார். முன்கூட்டியே 50 உறைகள் தயார் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் கைப்பட்டி, பெட் ஹெட் டிக்கெட், ஆய்வுகூடப் படிவம், எக்ஸ்ரே படிவம், இரத்தப் படிவம், எல்லாவற்றிலும் ஒரே இலக்கம். ஒத்திகைக்கு ஒ-001 இலிருந்து ஒ-050 வரை. ஆள் வரும்போது இலக்கம் கட்டுங்கள், பெயர் பிறகு வரட்டும். 40 பேருக்கு 50 உறை ஏன் என்றால், அவசரத்தில் சில கிழியும், சில தவறான ஆளுக்குக் கட்டப்படும். கிழிந்த இலக்கத்தை மறுபடி பாவிக்க வேண்டாம். "ரத்து" என்று எழுதி ஒதுக்கிவிடுங்கள்.

கோட்டை_ஒபிஸ்_சுரேன் · காலை 11.05

எங்கள் கட்டடத்திலும் போன மாதம் ஒத்திகை வைத்தார்கள். மணி அடித்ததும் 11 மாடியும் இறங்கிக் கீழே கார்ப்பார்க்கில் நின்றோம். ஆள் கணக்கு எடுக்க ஒரு மாடிக்கு ஒருவர். அந்த மாதிரி ஒரு படிவம் போதாதா? ஏன் இவ்வளவு சிக்கல்?

ரெக்கோட்ரூம்_ஜெயா · காலை 11.20

சுரேன், அது தீ ஒத்திகை. அதில் ஆட்கள் உள்ளிருந்து வெளியே போகிறார்கள், ஒரு தடவை எண்ணினால் போதும். இதில் ஆட்கள் வெளியிலிருந்து உள்ளே வந்து, வந்தபின் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு மாடிக்கு ஒரு எண்ணிக்கைப் பொறுப்பாளர் என்று சொன்னீர்களே, அது எங்களுக்கும் பொருந்தும். ஒவ்வொரு பகுதியிலும் எண்ணுபவர் ஒருவரே இருக்க வேண்டும், அவர் வைத்தியம் பார்ப்பவராக இருக்கக் கூடாது.

ஓபரேட்டர்_செல்வா · நண்பகல் 12.15

தொலைபேசிப் பக்கத்தை யாரும் தொடவில்லை. வீட்டிலிருக்கும் ஆட்களைக் கூப்பிடும் வேலையை எல்லா மெமோவும் "ஓபரேட்டர் அறிவிப்பார்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். 30 பேரை ஒரு ஓபரேட்டர் ஒவ்வொருவராக எடுத்தால், எடுக்காதவர், திரும்பக் கேட்பவர் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒன்றரை நிமிடம், மொத்தம் 45 நிமிடம். அவ்வளவு நேரமும் வெளியிலிருந்து சொந்தக்காரர் எடுக்கும் போன்களுக்குப் பதில் இல்லை.

கிளை பிரித்து எழுதுங்கள். ஓபரேட்டர் ஐந்து பேரை மட்டும் எடுப்பார்: சத்திரசிகிச்சை, மயக்க மருந்து, தாதியர், இரத்த வங்கியும் ஆய்வுகூடமும் சேர்ந்து ஒன்று, சுகாதார உதவியாளர் மேற்பார்வை. இந்த ஐவரும் தத்தம் கிளையில் ஐந்து பேரை எடுப்பார்கள். மொத்தம் 30 பேர், ஏறத்தாழ 15 நிமிடத்தில் முடியும்.

கிளை முறையின் பலவீனம், நடுவில் ஒருவர் போனை எடுக்காவிட்டால் கீழே ஐந்து பேருக்கும் தெரியாமல் போவது. அதற்கு மாற்று: ஒவ்வொரு கிளையிலும் கடைசி ஆள் ஓபரேட்டருக்குத் திருப்பி எடுத்து "கிளை மூடியது" என்று சொல்ல வேண்டும். 20 நிமிடத்தில் அந்தச் சொல் வராத கிளையை ஓபரேட்டரே எடுப்பார். செய்தியும் எழுதியபடி வாசிக்கப்பட வேண்டும். சொந்த வார்த்தையில் சொன்னால் மூன்றாவது ஆளிடம் போகும்போது பஸ், ரயில் ஆகிவிடும்.

இன்னொன்று: கூப்பிடப்பட்டவர்கள் சேவை அடையாள அட்டையோடு வர வேண்டும் என்று எழுதுங்கள். 2019 இல் குண்டுகள் வெடித்த அன்றே ஊரடங்கும் போடப்பட்டது. அட்டை இல்லாமல் வீதியில் வருவது கஷ்டம்.

இரத்தவங்கி_ரூபன் · பிற்பகல் 1.40

எல்லாரும் உண்மை நாளை நினைத்து எழுதுகிறீர்கள், நான் ஒத்திகை நாளின் ஆபத்தைச் சொல்கிறேன். தியேட்டர் "ஆறு பைண்ட் ஓ நெகடிவ் அனுப்புங்கள்" என்று போன் எடுக்கும். எடுத்தவர் ஒத்திகை என்று சொல்ல மறந்துவிடுவார். இந்தப் பக்கம் கேட்டவர் உண்மை என்று நினைத்துக் குளிரூட்டியைத் திறந்துவிடுவார். இன்னும் மோசம், குறைகிறது என்று நாரஹேன்பிட்டி தேசிய இரத்த மையத்துக்கு உண்மையான கோரிக்கை போய்விடும். குளிரிலிருந்து வெளியே எடுத்து 30 நிமிடம் கடந்த பையைப் பொதுவாகத் திருப்பி வைப்பதில்லை. ஒரு நடிப்பு நோயாளிக்காக உண்மையான பை வீண்.

ஆகவே, ஒவ்வொரு போனும் ஒவ்வொரு துண்டும் "ஒத்திகை, ஒத்திகை, ஒத்திகை" என்று தொடங்க வேண்டும். இந்தச் சொல் இல்லாத செய்தியை உண்மை என்றே எடுக்க வேண்டும். இரத்தம் வேண்டினால் நிறம் அடித்த அட்டைப் பை மட்டும் கொடுப்போம். நடிப்பு நோயாளியிடம் ஊசி இல்லை, குழாய் இல்லை.

எதிர்ப்பக்கச் சொல்லும் வேண்டும். நடிக்க வந்த ஒருவருக்கே நெஞ்சு வலி வந்தால் "வலிக்குது" என்று அவர் சொன்னாலும், நன்றாக நடிக்கிறார் என்று விட்டுவிடுவார்கள். "நிஜம்" என்ற ஒரு சொல்லை நடிகருக்கும் ஊழியருக்கும் கொடுங்கள். அந்தச் சொல் கேட்டால் அந்த இடத்தில் ஒத்திகை நிற்கும்.

மருதானை_டொக்டர் · பிற்பகல் 2.05

ரூபன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒத்திகையை முழுதாக நிறுத்தும் வரம்பையும் மெமோவிலேயே எழுதுங்கள். உண்மையான சிவப்பு நோயாளிகள் இருவர் ஒரே நேரத்தில் அவசரப் பிரிவுக்கு வந்தால் நிறுத்தம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இரண்டு என்பது என் அபிப்பிராயம். உங்கள் பிரிவின் அளவைப் பார்த்து மூன்றாக வைக்கலாம், ஆனால் ஏதோ ஒரு எண் இருக்க வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கும் 119 பொலிஸுக்கும் முதல் நாளே சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாசலில் சிவப்புச் சாயம் பூசிய 40 பேரைப் பார்த்த யாராவது அந்த எண்களுக்குப் போன் எடுப்பார்கள்.

வைத்தியசாலைக்கு வெளியே தகவல் கொடுப்பவர் ஒருவரே. சுகாதார அமைச்சோ 117 அனர்த்த முகாமைத்துவ நிலையமோ கேட்டால் பதில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மட்டும். வாட்டில் உள்ள மிஸ்ஸி நல்லெண்ணத்தோடு சொன்ன எண் ஒன்று, அமைச்சுக்குப் போன எண் வேறொன்று என்றால், பிறகு இரண்டையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தெமட்டகொடை_நௌஷாட் · பிற்பகல் 2.50

எண்ணிக்கை விஷயத்தில் நான் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1990க்கும் பொலிஸுக்கும் சொல்வது வேறு, ஊழியர்களுக்குத் தேதியைச் சொல்வது வேறு. சொன்னால் அன்று எல்லோரும் லீவு போடாமல், புதுச் சீருடையோடு 8.30க்கே கதவில் நிற்பார்கள். எவ்வளவு நேரத்தில் ஆள் சேரும் என்பதை எப்படி அளப்பது?

ரெக்கோட்ரூம்_ஜெயா · பிற்பகல் 3.15

சொல்லாமல் வைத்தால் உண்மை நோயாளிக்கு ஆபத்து. முதல் தடவை ஓபிடி மண்டபத்தைப் பச்சைப் பகுதியாக மாற்றும்போது அங்கே கிளினிக் நடந்துகொண்டிருந்தால் அந்த 200 பேரை எங்கே நிறுத்துவது? முதல் ஒத்திகையைச் சொல்லியே வையுங்கள்.

ஓபரேட்டர்_செல்வா · பிற்பகல் 3.30

இரண்டையும் பிரிக்கலாம். போன் கிளையை மட்டும் சொல்லாமல் ஒரு இரவில் தனியாகச் சோதியுங்கள். யாரும் வீட்டைவிட்டு வர வேண்டாம். "எத்தனை நிமிடத்தில் வர முடியும்" என்று மட்டும் கேட்டு எழுதலாம். நோயாளியைத் தொடாத பகுதியில் மறைத்து வைப்பதில் கேடு இல்லை.

தெமட்டகொடை_நௌஷாட் · பிற்பகல் 3.40

போனில் "20 நிமிடம்" என்று சொல்பவர் காலி வீதி நெரிசலில் உண்மையில் எப்போது வருவார் என்பது அப்படித் தெரியாதே. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

திட்டப்பிரிவு_மலர் · மாலை 6.50

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வரிகளை அழித்து இப்படி எழுதியிருக்கிறேன்:

"பிரிவுகள் கட்டுப்பாட்டு அறையின் உள்வரும் இன்டர்கொம் எண்ணுக்கு மட்டும் அறிவிக்க வேண்டும். அறிவிக்கும் நேரம் 9.15, 9.30, 9.45 என ஒவ்வொரு கால் மணிக்கும். இடையில் அழைப்பது மூன்று காரணத்துக்கு மட்டும்: இடம் நிரம்பிவிட்டது, பொருள் தீர்ந்துவிட்டது, 'நிஜம்' என்ற சொல் கேட்டது.

ஒவ்வொரு அறிவிப்பிலும் ஐந்து விடயம், இதே வரிசையில்: ஒத்திகை என்ற சொல் மூன்று முறை, பகுதியின் பெயரும் நேரமும், இப்போது உள்ளே இருப்பவர் தொகை, இன்னும் எத்தனை பேருக்கு இடம், உடனடியாக வேண்டிய ஒன்று. கட்டுப்பாட்டு அறை எண்ணை இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லும்: பதினைந்து, ஒன்று ஐந்து.

வாங்கும் பிரிவு கையெழுத்திடும்வரை நோயாளி அனுப்பும் பிரிவின் பொறுப்பு. வாசல் கணக்கும் பகுதிகளின் கூட்டுத்தொகையும் ஒத்துவராவிட்டால் கட்டுப்பாட்டு அறை ஓர் ஆளை நடைபாதைகளுக்கு அனுப்பித் தேடும்."

மெமோவைச் சிங்களத்திலும் தமிழிலும் அனுப்புகிறோம். அவரவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் செயல் அட்டைகளும் இரண்டு மொழியில், ஓர் ஆளுக்கு ஒரு பக்கம். வேறு ஏதாவது?

மருதானை_டொக்டர் · இரவு 8.10

நன்றாக வந்திருக்கிறது. திருப்பிச் சொல்வதைச் சேர்த்தது நல்லது, நௌஷாட் சொன்ன 15, 50 குழப்பத்துக்கு அதுதான் மருந்து. இரண்டு விஷயம் பாக்கி.

ஒன்று, கடிகாரம். வாட்டுச் சுவர்க் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று நாலைந்து நிமிடம் வித்தியாசப்படும். தியேட்டர் ஆளை வாங்கிய நேரம் சிவப்பு அனுப்பிய நேரத்துக்கு முந்தியதாகப் பதிவேட்டில் இருந்தால் பிறகு எதையும் ஆராய முடியாது. 8.30க்கு கட்டுப்பாட்டு அறை எல்லாப் பிரிவுக்கும் போன் எடுத்து நேரம் சொல்லட்டும், எல்லோரும் சரிசெய்யட்டும்.

மற்றது, முடிந்தபின் வரும் அறிக்கை. "ஒத்திகை சிறப்பாக நடைபெற்றது" என்று ஒரு பக்கம் வரும், அது உதவாது. அன்றே, ஆட்கள் கலையும் முன், நின்றபடியே 20 நிமிடம் பேசுங்கள். பிறகு 48 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு பிரிவும் மூன்று கேள்விக்கு மட்டும் எழுத்தில் பதில்: முதல் செய்தி எத்தனை மணிக்கு, யாரிடமிருந்து வந்தது, எந்தச் செய்தி வரவில்லை அல்லது பிழையாக வந்தது, எந்த நோயாளி இலக்கத்துக்குப் பொறுப்பு யார் என்பது எப்போதாவது தெரியாமல் போனது.

திட்டப்பிரிவு_மலர் · இரவு 8.40

சேர்த்துவிட்டேன் டொக்டர். கறுப்புப் பகுதி பற்றி ஒரு சந்தேகம். அங்கே உள்ளவர்களின் பட்டியல் சொந்தக்காரர் தகவல் மேசைக்குப் போக வேண்டுமா, சட்ட வைத்திய அதிகாரிக்கு மட்டுமா?

ரெக்கோட்ரூம்_ஜெயா · இரவு 9.05

முதலில் சட்ட வைத்திய அதிகாரிக்கும் பொலிஸுக்கும். தகவல் மேசைக்கு உயிரோடு இருப்பவர் பட்டியல் மட்டும், அதுவும் ரெக்கோட் அறையிலிருந்து, வாட்டிலிருந்து நேரே அல்ல. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவரைத் தேடி வருபவருக்கு என்ன பதில் சொல்வது, யார் சொல்வது என்று மேசையில் இருப்பவரின் அட்டையில் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும். அந்த வசனத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் வாய்விட்டுப் பழக்கிப் பாருங்கள். நடிக்க வரும் 40 பேரோடு சொந்தக்காரராக நடிக்க ஆறு பேரையும் எடுங்கள், அவர்களில் இருவருக்கு ஒரு மொழி மட்டும் தெரிந்திருக்கட்டும்.